மூக்கி அக்காவின் ஃபிட்னஸ்

கிரீம் பிஸ்கட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். இத்தனைக்கும் அதைச் செய்கிற ஆலையில்தான், பாக்கிங் பிரிவில், பல வருடமாக வேலை பார்க்கிறேன். சங்கத்தில் எங்கள் பிரிவுக்குப் பிரதிநிதியும் நான்தான். ஒரு காலத்தில் உடைந்த துண்டுகளை வாயில் போட்டு அரைத்துக்கொண்டேதான் பெட்டி அடுக்குவேன். அந்தப் பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணம் மூக்கி அக்காவை வாசலில் நிற்க வைத்த நாட்கள். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. இப்போதும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வேலை அடுப்பு வாயில். அடுப்பு என்றால் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும். ஒரு பக்கம் பச்சை மாவாகப் போகிற பிஸ்கட் மறுபக்கம் வெந்து பெல்ட்டில் வரும். கருகினது, வேகாதது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டியது அக்காவின் பொறுப்பு. கருகல் கண்ணுக்குத் தெரியும் முன்பே அக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். "மூணாவது வரிசை தீயுது, குறைங்கப்பா" என்று கத்துவாள். அடுப்புக்காரர் முதலில் திட்டுவார், அப்புறம் குறைப்பார். அப்படி வந்த பெயர்தான் மூக்கி. கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "உங்களுக்கெல்லாம் மூஞ்சியில ஓட்டைதான இருக்கு, எனக்குத்தான் மூக்கு இருக்கு" என்பாள்.

கல்யாணமான மறு வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். மாமா மோட்டார் காயில் சுற்றுகிறவர். வேலை வந்தால் வரும், வராவிட்டால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். ஒரே மகள், பள்ளியில் கடைசி வகுப்பு. வீடு ஓடுவது அக்காவின் சம்பளத்தில்தான். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதுவரை தாக்குப்பிடித்தால் இத்தனை வருட சர்வீசுக்கு உண்டானது கைக்கு வரும், மகளை மேலே படிக்க வைக்கலாம். இடையில் வேலை போனால் எல்லாம் காலி. அக்காவின் கணக்கு அவ்வளவுதான், அதில் ஒளிவு மறைவு கிடையாது.

எங்கள் ஹெச்.ஆர். அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தம். மேசையில் எப்போதும் கிருமிநாசினி பாட்டில் ஒன்று நிற்கும். நாங்கள் ஒரு காகிதத்தை நீட்டினால் இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வாங்குவார். வைத்தவுடன் ஒரு சொட்டு ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொள்வார். நம் எதிரிலேயே. நாம் இன்னும் அறையை விட்டு வெளியே போயிருக்க மாட்டோம். அந்தச் சரசரவென்று தேய்க்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

சுத்தத்துக்கும் அக்காவுக்கும் ஆகாமல் போனது தண்ணீரால். ஆலையில் நாங்கள் குடிக்கிற தண்ணீர் தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டியை ஒட்டினாற்போல் ஆண்கள் கக்கூஸ். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒரு நாள் வெளியூர்ப் பெரிய கடைக்காரர்கள், எங்களிடம் சரக்கு எடுக்கிறவர்கள், ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாகத்தோடு குழாயடியில் டம்ளரை எடுத்தார். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதைக் குடிக்காதீங்க சார். கக்கூஸ் வாடை வருது. எத்தனை தடவை சொல்லியும் இவங்க காதுல போட்டுக்கல."

வந்தவர் டம்ளரை அப்படியே வைத்தார். சுத்தத்தின் முகம் செத்துவிட்டது. அவர் அறையில் மட்டும் மூடி போட்ட கேன் தண்ணீர் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தொட்டியைச் சரி செய்தார்களா என்று கேட்காதீர்கள். குழாய்க்கு மேலே "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்று பலகை மாட்டினார்கள்.

அடுப்புச் சூட்டில் நிற்கிறவள், வாடை அடித்தாலும் அதைத்தானே குடித்தாக வேண்டும்? பிறகு அக்காவுக்கே காமாலை வந்தது. முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை, அடுத்து அடுப்பு வாயில் நின்றபடியே வாந்தி. கண் மஞ்சளானதும் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாதா? விடுப்பு எழுதிக் கொடுத்து, ஓய்வெடுத்து, உடம்பு தேறி, ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் சான்றிதழோடு வந்து நின்றாள் அக்கா. "நோய் குணமாகிவிட்டது, பணிக்குத் தகுதியானவர்" என்று அரசு டாக்டர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். எங்கள் ஆட்கள் இதை ஃபிட்னஸ் என்பார்கள்.

சுத்தம் நுனியைப் பிடித்து வாங்கிப் பார்த்தார். "ரத்தப் பரிசோதனை எங்க? இது சாப்பிடற பொருள் செய்யற எடம்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நியாயமான கேள்வி. சங்கத்தில் சிலர் துள்ளினார்கள். நான்தான் அடக்கினேன். ஊரே வாயில் போட்டுக்கொள்கிற பொருளைச் செய்கிறோம், தொற்றுகிற நோயோடு ஒருத்தர் உள்ளே வரக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். அக்காவும் முணுமுணுக்காமல் போய் ரத்தம் கொடுத்தாள். எல்லாம் சரியாக வந்தது.

அதைக் கொண்டுபோனால், "எங்க கம்பெனி டாக்டர் பாக்கணும்" என்றார். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஆலையின் வேலை விதிகளைத் தொகுத்த நிலையாணையிலேயே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் நிர்வாகம் தன் செலவில் தன் டாக்டரிடம் அனுப்பலாம். செலவை அக்கா தலையில் கட்டப் பார்த்தார். நான் நிலையாணையைப் பிரித்து அந்த வரியைக் காட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் கையைத் தேய்த்துக்கொண்டார்.

கம்பெனி டாக்டர் வயதானவர், வம்புக்குப் போகாதவர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்த அறிக்கையைப் படித்தார். "நல்லா இருக்கீங்கம்மா. வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் சுத்தம் சொன்னதைக் கேளுங்கள். "இனிமே எந்த நோயும் வராது, ஷிப்டுல நிக்கறதுல எந்தச் சிரமமும் இருக்காதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அக்கா திரும்பக் கம்பெனி டாக்டரிடமே போனாள். நானும் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்களையே பார்த்தார்.

"ஏம்மா, நான் டாக்டரா, குறி சொல்றவனா? இன்னைக்கு உடம்பு எப்படி இருக்குன்னுதான் நான் எழுத முடியும். நாளைக்கு என்ன வரும்னு எனக்கே தெரியாது, எனக்கே இடுப்பு வலி. இதையும் கேட்டுக்குங்க. உங்களுக்கு வந்த காமாலை ஒரு தடவை வந்தா மறுபடி வராது. அந்த ஆலையில இந்த நோய்க்குப் பயப்பட வேண்டாத ஆளு இருந்தா அது நீங்கதான்."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தம் கேட்டது உடம்பைப் பற்றியே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாராலும் எழுதித் தர முடியாத ஒன்றைக் கேட்டால் காலத்துக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாமே.

எதற்காக அந்த இழுத்தடிப்பு என்பதையும் வாசல் காவலாளிதான் என் காதில் போட்டார். "அம்மா, அந்த அக்கா வந்துட்டுப் போறத வாசல்ல குறிக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. உள்ள ஆப்சென்ட்டுன்னு ஏறுது." நிலையாணையில் இன்னொரு வரியும் உண்டு. விடுப்பு முடிந்த பிறகு தகவல் இல்லாமல் தொடர்ந்து வராதவர் தானாகவே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படுவார். இழுத்தடித்தால் போதும், வேலைநீக்கம் என்று ஒரு எழுத்து எழுத வேண்டாம். அக்கா தானாகவே விட்டுப் போனதாக ஆகிவிடும். எத்தனை வருட வியர்வை, அடுப்பு வாயில் நின்று வெந்த உடம்பு! அதை இப்படி ஓசைப்படாமல் துடைத்துப் போட நினைத்தவனை நினைத்தால், வாயில் வருவதை எழுத முடியாது.

"அக்கா, வீட்டுல உக்காராத. தினமும் ஷிப்டுக்கு வா. வாசல்ல நில்லு. போற வர்ற எல்லாரும் உன்னைப் பாக்கணும்" என்றேன்.

"ஏன்டி, வேடிக்கைப் பொருளாக்கப் பாக்கறியா?"

"ஆமா. அவங்க இல்லன்னு சொல்ற ஆள ஊரே பாக்கட்டும்."

தினமும் வந்தாள். சீருடை போட்டு, தலையில் வலைத்தொப்பி மாட்டி, சான்றிதழ் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். "வேலைக்கு வந்திருக்கேன்" என்று காவலாளியிடம் சத்தமாகச் சொல்வாள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் நலம் விசாரிப்பாள். முதலில் வெட்கப்பட்டவள் பிறகு சபை நடத்தத் தொடங்கிவிட்டாள். "வேலைக்குப் போறப்பக்கூட என் பொண்டாட்டி இவ்வளவு நேரத்தோட கிளம்பினதில்ல" என்று மாமா கிண்டல் செய்தார். ஆனால் அக்கா ராத்திரியில் தூங்குவதில்லை என்று மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "சித்தி, அம்மா வேலை போயிடுமா?" என்று கேட்டாள். போகாது என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்தோம்.

அப்படி அக்கா நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் கிரீம் அறைக்காரன் வந்தான். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைக்கிற கிரீமைக் கலக்குகிறவன். பிஸ்கட்டாவது அடுப்புக்குள் போய் வெந்து வருகிறது. கிரீம் வேகாது. கலக்கினபடியே உள்ளே போய், அப்படியே பொட்டலமாகி, குழந்தைகள் கைக்குப் போகும். கிரீமை நக்கிவிட்டுப் பிஸ்கட்டைத் தூக்கிப் போடுகிற குழந்தைகள் எத்தனை!

அக்கா அவனை நிறுத்தினாள். "தம்பி, இங்க வா. கண்ணைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. தூக்கமில்ல."

"தூக்கமில்லன்னா செவக்கும், மஞ்சளாகாது. வாந்தி வருதா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சத்தம் போடாதீங்கக்கா. நேத்துல இருந்துதான்."

"வீட்டுக்குப் போடா! நீ கை வைக்கறது என்னன்னு தெரியுமில்ல?"

"போனா?" என்று திருப்பிக் கேட்டான். "லீவு போட்டா ஃபிட்னஸ் கேப்பாங்க. உங்கள மாதிரி வாசல்ல நிக்கணும். உங்களுக்காவது சர்வீஸ் இருக்கு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. தினமும் உங்களத் தாண்டித்தான உள்ள போறேன், உங்களப் பாத்தப்புறம் எவன்க்கா லீவு போடுவான்?"

சொல்லிவிட்டு உள்ளே போனான். நோய் தீர்ந்தவள் வெளியே, நோய் பிடித்தவன் உள்ளே. அக்கா வாசல் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் வந்ததும் சொன்னாள். உள்ளே போய் மேற்பார்வையாளரிடம், "கிரீம் அறைக்காரங்க எல்லாரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பொதுவாகச் சொன்னேன். "அவங்க யாரும் லீவே போடலியேம்மா, அப்புறம் எதுக்கு?" என்றார். லீவு போடாதவனுக்கு நோய் இல்லை. அதுதான் எங்கள் ஆலையின் சுகாதாரம்.

நல்லவேளை, மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அலுவலர் கடும் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் தும்மும்போதெல்லாம் சுத்தம் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளினார். பக்கத்தில் ஆலை மேலாளர். எதிர்ப்பக்கம் அக்கா, நான், மாமா.

அலுவலர் எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சுத்தத்தைப் பார்த்தார். "நீங்க ஃபிட்னஸ் கேட்டது தப்பில்ல. நோயில படுத்து எழுந்து வர்றவங்ககிட்ட கேக்கலாம். சாப்பாட்டுப் பொருள், அதனால பரிசோதனையும் கேக்கலாம். சந்தேகம்னா உங்க டாக்டர்கிட்ட உங்க செலவுல காட்டலாம். எல்லாம் ஆயிடுச்சு. உங்க டாக்டரே சரின்னு எழுதியிருக்காரு. இன்னும் என்ன?"

"நிர்வாகத்துக்குத் திருப்தி வரணும் சார்."

"எதுல? உடம்பப் பத்தி டாக்டர் சொல்லியாச்சு. எதிர்காலத்துல எந்த நோயும் வராதுன்னு உங்களுக்கு யாராவது எழுதித் தந்திருக்காங்களா? எனக்குத் தரல, பாருங்க" என்று மறுபடி தும்மினார். "தினமும் வந்து வாசல்ல நின்ன ஆள ஆப்சென்ட்டுன்னும் சொல்ல முடியாது. அவங்க வந்தாங்க, நீங்க விடல. தகுதின்னு உங்க டாக்டர் எழுதின நாள்ல இருந்து சம்பளம் உங்க பொறுப்பு. நான் நீதிபதி இல்ல, உத்தரவு போட முடியாது. ஒத்துக்கலன்னா சமரசம் முறிஞ்சதுன்னு எழுதி மேல அனுப்புவேன். அங்க இதைவிட நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேப்பாங்க."

மேலாளர் சுத்தத்தின் காதில் ஏதோ சொன்னார். பிறகு, "சரி, நாளைக்கே சேத்துக்கறோம். பழைய சம்பளமும் குடுத்துடறோம்" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலுவலர் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லணும் சார். இப்ப உள்ள ஒருத்தர் மஞ்சள் கண்ணோட கிரீம் கலக்கிட்டிருக்காரு."

மேலாளர் எழுந்தே விட்டார். "யாரு அது? பேரச் சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு நான் நின்ன எடத்துல அவரு நிப்பாரு. அவரு ஏன் லீவு போடல தெரியுமா? என்னை வாசல்ல பாத்துப் பாத்துப் பயந்து போயிட்டாரு. ஃபிட்னஸ் கேளுங்க, வேண்டாங்கல. குணமாகி வந்தா உள்ள விடுவோம்னு தெரிஞ்சாத்தான் ஜனங்க நோயச் சொல்லுவாங்க. இல்லன்னா ஒளிச்சு வெச்சுக்கிட்டு உங்க கிரீமுக்குள்ள கை விடுவாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி, டாக்டர் சரின்னா வேலை, வேலை நிரந்தரமாகாதவங்களுக்கும் சேத்து எழுதுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

"உங்க விஷயம் முடிஞ்சுதேம்மா, எதுக்கு அடுத்தவங்கள இழுக்கறீங்க?" என்றார் சுத்தம்.

மாமா அக்காவின் முழங்கையைத் தொட்டார். போடு, போட்டுவிடு என்கிற தொடல். எனக்கும் அதே பயம்தான். கைக்கு எட்டினதை இவள் தட்டிவிடுவாளோ என்று. அக்கா அசையவில்லை.

அலுவலர் மூக்கைச் சிந்திவிட்டு மேலாளரிடம் சொன்னார். "இதை நான் கேட்டுட்டேன். கேட்டப்புறம் சும்மா இருக்க முடியாது, சுகாதாரத் துறைக்கு இன்னைக்கே சொல்லணும். அவங்க வர்றப்ப உங்ககிட்ட இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தா நல்லது." மேலாளர் உடனே ஒத்துக்கொண்டார். மனசாட்சியால் அல்ல, சரக்கு எடுக்கிற கடைக்காரர்களை நினைத்து. இருந்தாலும் எழுத்தில் வந்துவிட்டது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலையே கிரீம் அறைக்காரன் தானாக வந்து சொல்லி லீவில் போனான். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து தொட்டியைத் திறந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். சுவரின் விரிசல் வழியாக எது கசிந்து வந்து எதில் கலந்துகொண்டிருந்தது என்பதை விவரிக்க மாட்டேன், நீங்கள் சாப்பிட வேண்டும். இதை நாங்கள் குடித்திருக்கிறோம். கிடங்கில் இருந்த கிரீம் பிஸ்கட்டை அழித்தார்கள். கடைகளுக்குப் போனதைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்டேன். "அதான் எல்லாம் முடிஞ்சுதே" என்றார் மேலாளர். தின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்துதான் நான் அதைத் தொடுவதில்லை.

அக்கா வேலையில் சேர்ந்த காலை, சேர்க்கை உத்தரவை வாங்க அவளோடு நானும் சுத்தத்தின் அறைக்குப் போனேன். சான்றிதழ் உறையை வழக்கம்போல் நுனியைப் பிடித்து வாங்கிக் கோப்பில் வைத்தார். உத்தரவை மேசை மேல் தள்ளிவிட்டார். பாட்டிலை எடுத்துக் கையில் ஊற்றி, சரசரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.

அக்கா உத்தரவை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க சார். உங்க கையில இருந்து பேப்பர் வாங்கியிருக்கேன்."

அவர் கை பாட்டிலோடு அப்படியே நின்றது. அக்கா கையை எடுக்கவில்லை. கடைசியில் ஊற்றினார். அக்கா நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்துக்கொண்டு, அடுப்பு வாய்க்குப் போனாள்.